பதினைந்தாம் நாளிலிருந்து

கல்யாண அல்பம் வடிவமைப்பது என் தொழில். படம் எடுப்பவன் நானல்ல. ஸ்டூடியோக்காரர்கள் எடுத்த ஆயிரம், இரண்டாயிரம் படங்கள் திருகோணமலை அன்புவழிபுரத்தில் என் வீட்டு முன்னறைக்கு வந்து சேரும். அதில் நூறு நூற்றிருபதைப் பொறுக்கி, மாப்பிள்ளையின் முகத்து வியர்வையையும் மாமியாரின் முகத்துக் கோபத்தையும் கொஞ்சம் துடைத்து, நாற்பது பக்கமாக அடுக்கி, அச்சுக்குப் போகும் கோப்பாகத் திருப்பி அனுப்புவேன். மாதச் சம்பளமும் இல்லை, முதலாளியும் இல்லை. வேலை வந்தால் காசு என்றுதான் சொல்லிக்கொள்வது. உண்மையில் வேலை வரும், காசு வந்தால்தான் உண்டு.

விலைப்பட்டியலின் அடியில் மூன்று வசனம் எழுதி வைத்திருந்தேன். "கட்டணம் வேலையின் தன்மையைப் பொறுத்தது. முற்பணம் தர வேண்டும். மீதியைக் கூடிய விரைவில் தந்துதவவும்." எழுதியபோது பெரிய கண்ணியமாகத் தெரிந்தது. கடற்கரைப் பக்கத்து விடுதி ஒன்றுக்குப் படப் புத்தகம் செய்து கொடுத்துவிட்டு எட்டு மாதம் நடந்தேன். போகும்போதெல்லாம் அந்த முகாமையாளர் சிரித்த முகத்தோடு, "கூடிய விரைவில் தாறம்" என்பார். என் சொல்லையே எடுத்து எனக்குத் தந்துகொண்டிருந்தார். அவரை நான் எப்படிக் குறை சொல்ல?

என் மனைவி நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராக இருக்கிறாள். காணி உறுதிகளும் குத்தகை ஒப்பந்தங்களும் தட்டித் தட்டி அவள் விரல் தேய்ந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினி மேசையில் என் மூன்று வசனத்தையும் வைத்துக்கொண்டு என்னைக் குறுக்கு விசாரணை செய்தாள்.

"தன்மையைப் பொறுத்து எண்டால் எவ்வளவு?"

"அது பக்கத்தைப் பொறுத்தது."

"அப்ப பக்கத்தை எழுதுங்கோ. நாப்பது பக்கத்துக்கு எவ்வளவு?"

"முப்பதாயிரம் மட்டில."

"மட்டில எண்டு ஒரு தொகை இல்லை."

இப்படியே ஒவ்வொன்றாக என் வாயிலிருந்து பிடுங்கினாள். முற்பணம் என்றால் எவ்வளவு, எப்போது? மீதி எந்த நாளிலிருந்து எத்தனை நாளுக்குள்? கல்யாண வீட்டார் ஸ்டூடியோவுக்குக் காசு கொடுத்த பிறகுதான் ஸ்டூடியோ எனக்குத் தருவது வழக்கம் என்றேன். அதைத்தான் முதலில் வெட்டினாள். பொம்பிளை வீட்டுக்காரன் எப்போது தருவான் என்பது என் கையிலும் இல்லை, கண்ணிலும் இல்லை; நான் கோப்பைக் கொடுத்த நாள் மட்டுமே இரண்டு பேருக்கும் தெரிந்த நாள், அதிலிருந்து எண்ண வேண்டும் என்றாள். அடுத்த மாதத் திகதி போட்ட காசோலையைத் தந்துவிட்டு "தந்தாச்சு" என்பார்களே, அதற்கும் ஒரு வசனம் வைத்தாள். பிந்தினால் தண்டம் மாதம் நூற்றுக்குப் பத்து என்று போடுவோம் என்று நான் வீரம் பேசினேன். அவள் சிரித்தாள். அவ்வளவு போட்டால் ஆட்கள் பகிடியாகத்தான் எடுப்பார்கள், வழக்கென்று போனாலும் அப்படியே ஏற்பார்கள் என்று நம்ப ஏலாது, சின்னதாகவும் நியாயமாகவும் இருக்க வேண்டும் என்றாள். வேலை தொடங்க முன்னமே அவர்கள் ஒத்துக்கொண்டு கையெழுத்து வைத்திருக்க வேண்டும், பிறகு பில்லில் கொண்டுபோய்ச் செருக ஏலாது என்றும் சொன்னாள்.

கடைசியில் தாளில் இப்படி இருந்தது:

"நாற்பது பக்க அல்பம் ஒன்றுக்கான கட்டணம் ரூபா 30,000. இதில் ரூபா 15,000 வேலை தொடங்குமுன் செலுத்தப்பட வேண்டும். மீதி ரூபா 15,000, அச்சுக்கான கோப்பு மின்னஞ்சலில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் செலுத்தப்பட வேண்டும். பதினான்காம் நாள் வங்கி விடுமுறையானால், அடுத்த வேலை நாள் கடைசி நாளாகும். பணம் கணக்கில் வரவாகும் நாளே செலுத்திய நாள். அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும், செலுத்தப்படாத தொகைக்கு மாதம் நூற்றுக்கு இரண்டு என்ற அளவில், மாதத்தை முப்பது நாளாகக் கொண்டு, தாமதக் கட்டணம் சேரும்."

பதினையாயிரத்துக்கு மாதம் முந்நூறு, நாளுக்குப் பத்து ரூபா. ஒரு தேத்தண்ணிக் காசுகூட இல்லை. ஆனால் அந்த வசனங்களை வாசிக்க எனக்கே முதுகு நிமிர்ந்தது. அடுத்த வேலைக்கு அதே விடுதி கையெழுத்து வைத்தது, பதினோராம் நாள் காசு போட்டது. அந்த முகாமையாளர் அதன்பிறகு என்னைச் 'சேர்' என்று மரியாதையாகக் கூப்பிடத் தொடங்கினார். சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தாள் வேலை செய்தது.

இனி அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லத்தான் வேண்டும் என்று இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

மூதூர் வள்ளத்துக்கு ஆட்கள் நடந்து போகும் வழியில் அவனுக்கு ஒரு ஸ்டூடியோ. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். எனக்கு வரும் அல்பங்களில் பாதி அவன் தருவது. என் முதல் கொம்பியூட்டரின் தவணைப் பணத்தை ஒரு வருடம் அவன்தான் கட்டினான், அதை இன்றுவரை யாரும் எழுதி வைக்கவில்லை. எங்களுக்குள் தொகை சொல்லிப் பழக்கமில்லை. கல்யாண வீட்டுக் காசு கைக்கு வந்ததும் எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுபோலத் திரியும் மான் ஒன்றைக் கடை வாசல் குப்பைப் பெட்டியிலிருந்து துரத்திவிட்டு, அப்படியே என் சேட்டுப் பையில் ஒரு கற்றையைத் திணிப்பான். "பார்த்து வை மச்சான்." நான் அவன் முன்னால் எண்ணியதில்லை. சில தடவை குறைவாக இருக்கும், சில தடவை நான் கேட்டிருக்கக்கூடியதைவிடக் கூட இருக்கும். அவன் மனைவிதான் கடை மேசையில் இருப்பாள். அடையாள அட்டைப் படத்துக்கு வரும் பிள்ளைகளின் தலையைச் சீவி விடுவாள். என்னை அண்ணா என்பாள். நான் போனால் தேத்தண்ணியோடு, அன்று வீட்டில் கணவாய்க் கறி என்றால் ஒரு பெட்டியில் என் மனைவிக்கும் வரும்.

புதிய தாளை அவனுக்கும் கொடுப்பதா என்பது வீட்டில் பேச்சானது. கொடுக்க வேண்டும் என்று சொன்னவன் நான். எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று பெரிய மனிதனாக நடந்துகொள்ள ஆசை. அவன் பிந்திப் பிந்தித் தருவதில் உள்ளுக்குள் ஒரு எரிச்சலும் இருந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள்.

"குடுக்கேக்க இருந்து வாசிச்சுக் காட்டுங்கோ. கடைசி வசனத்தைக் கட்டாயம் சொல்லுங்கோ. அவர் சிநேகிதன், பிறகு பார்த்து மனம் நோகக்கூடாது."

ஓம் என்றேன். அடுத்த நாள் புதிய அல்பத்தின் மாதிரிப் பக்கங்களோடு தாளையும் கொண்டுபோனேன். அவன் போனில் யாரோடோ சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தான். தாளை மாதிரிப் பக்கங்களுக்கு நடுவில் வைத்து நீட்டினேன். "இது என்ன?" என்று கண்ணால் கேட்டான். "இப்ப எல்லாருக்கும் குடுக்கிறது. ஒரு கையெழுத்து வை" என்றேன். அவன் வாசிக்கவில்லை. சிநேகிதன் நீட்டிய தாளை அவன் முன்னால் வாசிப்பது எங்களுக்குள் மரியாதைக் குறைவு, அவன் நீட்டியிருந்தால் நானும் வாசிக்காமல்தான் வைத்திருப்பேன். வாசித்துக் காட்ட எனக்கு வாய் வரவில்லை. காசு விசயத்தை அவன் முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சமாக இருந்தது. கையெழுத்துப் போட்டான். அவன் மனைவி தேத்தண்ணி வைத்தாள். நான் குடித்துவிட்டு வந்தேன். வீட்டில் கேட்டபோது வாசித்துக் காட்டினேன் என்று பொய் சொன்னேன்.

அந்த அல்பத்தைக் குறித்த நாளில் அனுப்பினேன். முற்பணம் சொன்னபடி வந்திருந்தது. பதினான்கு நாள் போனது, மீதி வரவில்லை. இரண்டு தரம் போன் எடுத்தேன், எடுக்கவில்லை. கடை பூட்டியிருந்தது. சாம்பல்தீவுப் பக்கம் ஏதாவது கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போயிருப்பான் என்று நினைத்தேன். போனை எடுத்து ஒரு வார்த்தை சொல்ல இவனுக்கு என்ன என்று கோபமும் வந்தது.

மனைவி எனக்கு நினைவூட்டல் குறிப்புகளும் எழுதித் தந்திருந்தாள். பதினைந்தாம் நாளுக்கென்று ஒன்று. அந்த வாரம் மூன்று பேர் பிந்தியிருந்தார்கள். பெயரையும் திகதியையும் மாற்றி மாற்றி மூன்று பேருக்கும் அனுப்பினேன். அவன் பெயர் வந்தபோது விரல் நின்றது. ஒரு நிமிடம் இருக்கும். பிறகு அனுப்பினேன்.

"வணக்கம். கையளிக்கப்பட்ட அல்பத்துக்கான மீதி ரூபா 15,000 நேற்றுடன் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். இதுவரை கிடைக்கவில்லை. ஒப்பந்தத்தின்படி இன்றிலிருந்து நாளொன்றுக்கு ரூபா 10 தாமதக் கட்டணம் சேரும் என்பதை அறியத்தருகிறேன். நன்றி."

இருபத்தைந்து வருடச் சிநேகிதனுக்கு நான் அனுப்பிய கடிதம் அது. அவன் வாசித்ததற்கான இரண்டு நீலக் கோடும் உடனே விழுந்தன.

தவணை முடிந்து இருபத்து மூன்றாம் நாள் ஒரு படம் வந்தது. வங்கியில் காசு போட்ட துண்டு. பதினையாயிரத்து இருநூற்று முப்பது ரூபா. எழுத்து ஒன்றும் இல்லை, படம் மட்டும். பிந்திய நாட்களைப் பத்தால் பெருக்கி, ஒரு ரூபா கூடாமல் குறையாமல் போட்டிருந்தான். தாளை எடுத்து வாசித்திருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முகம் சுட்டது. அதற்குப் பிறகுதான் துண்டின் மேல் மூலையில் இருந்த கிளையின் பெயரைப் பார்த்தேன். மகரகம.

திருகோணமலையில் கடை வைத்திருப்பவனுக்கு மகரகமவில் என்ன வேலை? இந்த நாட்டில் புற்றுநோய் வந்த வீட்டாருக்கு அந்த ஊர்ப் பெயரை விளக்கத் தேவையில்லை. உடனே போன் எடுத்தேன். இந்தத் தடவை எடுத்தான்.

"ஆருக்கு?" என்றேன்.

"மனிசிக்குத்தான். ரெண்டு மாசமாகுது."

"ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?"

பின்னால் யாரோ சிங்களத்தில் ஒரு இலக்கத்தைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"சொல்லுவம் எண்டு இருந்தனான். அவவும் அண்ணாட்டச் சொல்லுங்கோ, அவர் வந்து நிப்பார் எண்டு சொன்னவ. சொல்லப் போனைக் கையில எடுத்த நேரம் உங்கட மெசேஜ் வந்துது."

உங்கட என்றான்.

அந்த இருநூற்று முப்பதைத் திருப்பிப் போட்டேன். அடுத்த நாளே என் கணக்குக்குத் திரும்பி வந்தது. மறுபடி போட்டேன், மறுபடி வந்தது. மூன்றாம் முறை ஒரு வரி எழுதினான்: "கணக்குச் சரியாத்தான் இருக்கு. விடுங்கோ." மகரகமவுக்குப் புறப்பட பஸ்ஸில் இடம் பிடித்தேன். வர வேண்டாம், நோயாளி ஆட்களைப் பார்க்கும் நிலையில் இல்லை என்று செய்தி அனுப்பினான். போயிருக்க வேண்டும். அவன் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எப்போது நான் கேட்டிருக்கிறேன்? இந்தத் தடவை கேட்டேன். போகாமல் இருக்க எனக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது, அதுதான் உண்மை.

மனைவியிடம் பொய் சொன்னதை அன்று சொன்னேன். அவள் கத்தவில்லை. "நான் இருந்து வாசிச்சுக் காட்டச் சொன்னனான்" என்று மட்டும் சொன்னாள். பிறகு குசினிக்குள் போய் அழுதாள். அந்தத் தாளில் பிழை ஒன்றும் இல்லை. தொகை சரி, நாள் சரி, தண்டம் நியாயம். முகத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் சொல்ல வேண்டியதை நான் தாளுக்குள் ஒளித்து வைத்தேன். "எனக்குக் கொஞ்சம் கஷ்டம் மச்சான், காசு என்ன மாதிரி?" என்று ஒரு வாய்ச்சொல் போதும். அவன் கஷ்டத்தை அவனும் சொல்லியிருப்பான்.

அவன் மனைவியை ஆறு கிழமைக்குப் பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், பெட்டியில். செத்தவீட்டில் பந்தலுக்குக் கம்பு தூக்க ஓடினேன், யாரோ ஏற்கனவே தூக்கிக்கொண்டிருந்தார்கள். கதிரை அடுக்கப் போனேன், அதற்கும் ஆள் இருந்தது. அவன் என்னைக் கண்டு எழும்பி வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, "வந்ததுக்கு நன்றி. இருங்கோ" என்றான். வங்கி முகாமையாளருக்கும் அதையேதான் சொன்னான். நான் வங்கி முகாமையாளருக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அழ வேண்டும்போல இருந்தது, எந்த உரிமையில் அழுவது என்று தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவன் என் வீட்டுக்கு வந்தான். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் போட வேண்டும், அதை வடிவமைத்துத் தர முடியுமா என்று கேட்டான். எனக்கு உயிர் வந்ததுபோல இருந்தது. "இது கேக்கிற விசயமோ? நான் செய்யிறன். காசைப் பற்றிக் கதையாதை" என்றேன்.

"அப்பிடியெண்டால் ஏலாது. நான் வேற இடத்தில குடுக்கிறன். தாள் ஒண்டு எழுதுங்கோ."

"டேய், அவள் எனக்கும் தங்கச்சிதானே."

"எழுதுங்கோ" என்றான் திரும்பவும். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

கொம்பியூட்டர் முன்னால் இருந்தேன். அவன் பக்கத்துக் கதிரையில் இருந்தான். இருபத்துநாலு பக்கம் என்று தட்டினேன். தொகைக்கு முன்னால் விரல் நின்றது. பதினெட்டாயிரம் என்று அவனே சொன்னான், என் விலைப்பட்டியலைப் பார்த்து வந்திருக்கிறான். பாதி இப்போது, மீதி கோப்பு கிடைத்த அன்றே. தாமதக் கட்டண வசனத்தை நான் விட்டுவிட்டேன். அதையும் போடச் சொன்னான். பிறகு, "இதில நான் பிந்தினால் என்ன எண்டு இருக்கு. நீங்கள் பிந்தினால் என்ன எண்டு இல்லை" என்றான். அவன் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்: "மரணம் நிகழ்ந்த நாளிலிருந்து இருபத்தைந்தாம் நாள் மாலை ஐந்து மணிக்குள் கோப்பு கையளிக்கப்படாவிட்டால், பெற்ற முற்பணம் முழுவதும் அன்றே திருப்பித் தரப்படும்." நல்ல வசனம். என் மனைவிகூட அதில் திருத்த ஒன்றும் கண்டிருக்க மாட்டாள். அச்செடுத்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை வாசித்தான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து வைத்து, ஒன்பதாயிரம் எண்ணித் தந்து, பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு போனான்.

இருபத்துநான்காம் நாளே முடித்துவிட்டேன். அவள் படங்கள் எல்லாம் அவன் எடுத்தவை. ஒன்றில்கூட முகத்தில் திருத்த எதுவும் இல்லை. கடைசிப் பக்கத்துக்கு நன்றியறிதலைத் தன் கையெழுத்தில் எழுதித் தந்திருந்தான். நோயில் உதவிய உறவினர்களுக்கு, இரத்தம் தந்தவர்களுக்கு, ஆசுப்பத்திரியில் கூட நின்ற நண்பர்களுக்கு, பந்தல் போட்ட அயலவருக்கு, கிரியை செய்த ஐயருக்கு என்று வரிசையாகப் போனது. நண்பர்கள் என்ற வரியில் ஐந்து பேரின் பெயர் இருந்தது. ஐந்தையும் எனக்குத் தெரியும், எல்லோரும் அதே பள்ளிக்கூடம். இரண்டு தரம் வாசித்தேன். நான் அதற்கும் கீழே, கடைசி வரியில் இருந்தேன்: "இம்மலரை உரிய நேரத்தில் வடிவமைத்துத் தந்த நிறுவனத்தாருக்கும் எமது நன்றி."

என் வீட்டு முன்னறையில் நான் ஒரே ஒரு ஆள். அந்த வரியை அவன் எழுதியபடியே தட்டி, எழுத்துப்பிழை பார்த்து, கோப்பை அனுப்பினேன். மீதி ஒன்பதாயிரம் அன்று மாலையே வரவாகியது.